காண்ட்ராக்ட் முடியுது, ரினீவ் பண்ணல: அந்த லெட்டர்ல எதை எழுதணும், எதை விட்டுடணும்

ஹெச்ஆர் வேலைல நிறைய லெட்டர் அடிச்சிருக்கேன். வார்னிங் லெட்டர், ராஜினாமா ஏத்துக்குற லெட்டர், வேலைய விட்டு எடுக்குற லெட்டர் எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், அந்த காரணத்த எழுதினா லெட்டர் முடிஞ்சுது. ஆனா ஒருத்தர் ஃபிக்ஸட் டெர்ம் காண்ட்ராக்ட்ல இருக்காரு, தேதி முடியுது, நாம ரினீவ் பண்ணப்போறதில்ல, அவர் மேல ஒரு தப்பும் இல்லன்னா அந்த லெட்டர்ல எழுதுறதுக்கு ஒரு தேதிய தவிர வேற ஒண்ணுமே கிடையாது. அதுதான் பிரச்சினையே. இவ்வளவு நல்லா வேலை பார்த்த ஆளுக்கு ரெண்டு வரில லெட்டர் குடுக்க மேனேஜர்களுக்கு சங்கடமா இருக்கு, அதனால அந்த காலி இடத்துல எதையாவது போட்டு நிரப்புறாங்க. திட்டி யாரும் எழுதுறதில்ல. மரியாதையா எழுதணும்னு நினைச்சு சேர்க்குற வரிங்கதான் ஆளோட பேரை கெடுக்குது.

ஒரு கேஸ் சொல்றேன், ஆளோட அடையாளம் தெரியாத மாதிரி விவரத்த கொஞ்சம் மாத்தியிருக்கேன். ட்ரெய்னிங் கோஆர்டினேட்டரா ஒரு பொண்ணு, ஒரு வருஷ காண்ட்ராக்ட்ல சேர்ந்தாங்க, முடிஞ்சப்போ இன்னொரு வருஷம் நீட்டிச்சோம். ரெண்டாவது காண்ட்ராக்ட் அக்டோபர் 31ல முடியுது. அவங்க இருந்த ப்ராஜெக்ட்டும் கிட்டத்தட்ட அதோட முடிஞ்சுடுது, மிச்சம் இருக்குற ட்ரெய்னிங் வேலைய இன்னொரு டீம் எடுத்துக்கும்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. அந்த பொண்ணு மேல ஒரு குறையும் கிடையாது, ரெண்டு வருஷமும் அப்ரைசல் நல்லாதான் இருந்துச்சு. அவங்க மேனேஜர் நல்ல மனுஷன், செப்டம்பர் ஆரம்பத்துலயே அவரே ஒரு லெட்டர் டைப் பண்ணி எடுத்துட்டு வந்து "சார், கொஞ்சம் பாருங்க, கடுமையா இருக்கக்கூடாதுன்னு பாத்து பாத்து எழுதியிருக்கேன்"னாரு. அதுல இருந்தது இது:

"தங்களது பணியைக் கவனமாகப் பரிசீலித்ததில், நிறுவனத்தின் தற்போதைய எதிர்பார்ப்புகளைக் கருத்தில் கொண்டு, தங்களது ஒப்பந்தத்தை நீட்டிக்க இயலாத நிலையில் உள்ளோம் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஆகவே தங்களது பணி அக்டோபர் 31 அன்று நிறுத்தப்படுகிறது. தங்களது திறமைக்கு மேலும் பொருத்தமான வாய்ப்பு அமைய வாழ்த்துகிறோம்."

மேலோட்டமா படிச்சா நல்லாதான் இருக்கு. இப்போ இதையே அந்த பொண்ணு அடுத்த கம்பெனில காட்டுறாங்கன்னு வச்சுக்கங்க, எதிர்ல உக்காந்திருக்கறவருக்கு இவங்கள தெரியாது, இந்த ஒரு பேப்பர்தான் தெரியும். "பணியைக் கவனமாகப் பரிசீலித்ததில்" னு ஆரம்பிச்சு "நீட்டிக்க இயலாத நிலை"ல முடியுது, அப்போ பரிசீலிச்சதுல ஏதோ சரியில்லன்னுதானே அவர் நினைப்பாரு. அடுத்து "எதிர்பார்ப்புகள்", யாரோட எதிர்பார்ப்பு, அத இவங்க எட்டலயா? "நிறுத்தப்படுகிறது"ன்னா ஓடிட்டு இருந்த ஒண்ண நடுவுல நாம நிப்பாட்டுன மாதிரி இருக்கு, ஆனா நடந்தது அது இல்ல, ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட தேதி வந்துச்சு, அவ்வளவுதான். கடைசி வாழ்த்து இருக்கே அதுதான் எல்லாத்தையும் விட மோசம், "மேலும் பொருத்தமான" அப்படின்னா இந்த வேலைக்கு நீங்க பொருத்தமில்லன்னு சிரிச்சுக்கிட்டே சொல்ற மாதிரி. மேனேஜர்ட்ட இத ஒவ்வொண்ணா சொன்னப்போ அவரு அதிர்ந்தே போயிட்டாரு, "நான் அப்படி நினைக்கவே இல்லையே சார்"னாரு. அவர் நினைக்கல, சரிதான். ஆனா படிக்கிறவங்க கையில அவரோட நினைப்பு போகாது, பேப்பர்தான் போகும்.

லெட்டர திருத்துறதுக்கு முன்னாடி நான் எடுத்தது அவங்க காண்ட்ராக்ட் ஃபைல். இத பல பேரு கடைசில பாக்குறாங்க, இல்ல பாக்குறதே இல்ல. ரினீவ் பண்ணாத லெட்டர்ங்கிறது புதுசா ஒரு முடிவ அறிவிக்கிற லெட்டர் கிடையாது, காண்ட்ராக்ட்ல ஏற்கனவே இருக்குற ஒரு ஷரத்த ஞாபகப்படுத்துற லெட்டர். அதனால அந்த ஷரத்து என்ன சொல்லுதுன்னு தெரியாம ஒரு வரி கூட எழுத முடியாது. முதல்ல பாக்கவேண்டியது முடிவு தேதி எப்படி போட்டிருக்குன்னு, காலண்டர் தேதியா, இல்ல "ப்ராஜெக்ட் முடியும் வரை"யா. ப்ராஜெக்ட் முடியும் வரைன்னு இருந்தா அது எப்போ முடிஞ்சுதுன்னு நாம ஆதாரத்தோட சொல்லணும், சும்மா ஒரு தேதிய போட்டுட முடியாது. அடுத்தது தானா நீட்டிக்கிற ஷரத்து இருக்கான்னு. சில காண்ட்ராக்ட்ல "முடிவதற்கு 30 நாள் முன்பு இரு தரப்பில் எவரும் எழுத்தில் தெரிவிக்காவிட்டால் அதே காலத்திற்கு நீட்டிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்"னு எங்கயோ ஒரு மூலைல இருக்கும், அத கவனிக்காம 29வது நாள் லெட்டர் குடுத்தா நீங்க குடுத்தது ரினீவ் பண்ணாத லெட்டர் இல்ல, அடுத்த காண்ட்ராக்ட்ட நடுவுல உடைக்கிற லெட்டர் ஆயிடும், அதுக்கு வேற கணக்கு, வேற நஷ்டம்.

எங்க கேஸ்ல காலண்டர் தேதி இருந்துச்சு, தானா நீட்டிக்கிறது இல்ல, முன்னறிவிப்பு 30 நாள். இதுவரைக்கும் சுலபம். ஆனா ரினீவல் ஷரத்துல ஒரு வரி இருந்துச்சு: "பணித்திறன் மற்றும் நிறுவனத் தேவையின் அடிப்படையில் ஒப்பந்தம் நீட்டிக்கப்படலாம்." டெம்ப்ளேட்ல இருந்து வந்த வரி, யாரும் யோசிச்சு போட்டிருக்க மாட்டாங்க. ஆனா இப்போ அது குறுக்க வந்து நிக்குது. நீட்டிக்க ரெண்டு காரணம் உண்டுன்னு காண்ட்ராக்ட்டே சொல்லிடுச்சு, நாம நீட்டிக்கல, எது இல்லாததால நீட்டிக்கலன்னு சொல்லல. அப்போ படிக்கிறவங்க பாதி பேரு பணித்திறன் பக்கம்தான் போவாங்க. இந்த ஷரத்து இல்லாத காண்ட்ராக்ட்டா இருந்தா நான் காரணமே எழுதாம "ஒப்பந்தக் காலம் முடிகிறது, நீட்டிக்கப்படவில்லை"ன்னு விட்டிருப்பேன். இங்க சும்மா இருந்தா அந்த மௌனமே ஒரு பதிலா போயிடும். அதனால ஒரு வரி சேர்க்க வேண்டியதாச்சு, "இம்முடிவு தங்களது பணித்திறன் அல்லது நடத்தை குறித்த எந்த மதிப்பீட்டின் அடிப்படையிலும் எடுக்கப்பட்டதல்ல"ன்னு.

இந்த வரிய படிச்சுட்டு எல்லா லெட்டர்லயும் காப்பி பேஸ்ட் பண்ணிடாதீங்க. இது உண்மையா இருந்தா மட்டும்தான் போடணும். அந்த ஆளோட ஃபைல்ல ஆறு மாசத்துக்கு முன்ன ஒரு வார்னிங் மெயில் இருக்கு, உண்மைல அவர் வேலை சரியில்லாததாலதான் நீட்டிக்கலன்னா, இந்த வரி பொய். நாளைக்கு ஏதாவது தகராறுன்னு வந்தா அவரோட வக்கீல் இந்த வரியையும் அந்த மெயிலையும் பக்கத்து பக்கத்துல வச்சு "அப்போ உண்மையான காரணம் என்ன, எத மறைக்கிறீங்க"ன்னு கேப்பாரு. அந்த மாதிரி இடத்துல தேதிய மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கிறதுதான் சரி, நல்லவர்னும் சொல்லவேணாம் கெட்டவர்னும் சொல்லவேணாம். குறை உண்மையிலயே இருந்து அத ரெக்கார்ட்ல கொண்டு வரணும்னு நினைச்சா அதுக்கு விசாரணை, விளக்கம் கேட்டு நோட்டீஸ்னு தனி வழி இருக்கு, இந்த லெட்டர்ல ஜாடையா குத்திக்காட்டுறது ரெண்டும்கெட்டான் வேலை. குத்தம் சொல்லி வேலைய விட்டு அனுப்பிட்டு அவர் பக்கத்த கேக்கலன்னு ஆயிடும்.

காரணம் எழுதலாமா வேணாமாங்கிறது எப்பவும் வர்ற கேள்வி. மேனேஜர் "ப்ராஜெக்ட் முடியுதுன்னு போட்டுடலாமே சார், உண்மைதானே"ன்னாரு. உண்மைதான், ஆனா எவ்வளவு உண்மைன்னு பாக்கணும். ப்ராஜெக்ட் முடியுது, ட்ரெய்னிங் வேலை முடியல, அது இன்னொரு டீமுக்கு போகுது. "இப்பணியிடம் இனி தேவைப்படவில்லை"ன்னு எழுதிட்டு அந்த இன்னொரு டீம் ரெண்டு மாசம் கழிச்சு "ட்ரெய்னிங் கோஆர்டினேட்டர் தேவை"ன்னு விளம்பரம் போட்டா, அத இவங்க பாக்கத்தான் போறாங்க, அதே துறைல வேலை தேடிட்டு இருக்குறவங்களுக்கு அந்த விளம்பரம் மொத ஆளா கண்ணுல படும். அப்போ வேலை இருக்கு, என்னைத்தான் வேணாம்னு சொல்லியிருக்காங்கன்னு அவங்க நினைக்கிறதுல என்ன தப்பு. அதனால நான் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "அடுத்த ஆறு மாசத்துல இதே பேர்லயோ இதே வேலைக்கோ யாரையாவது எடுப்பீங்களா?" மேனேஜர் உறுதியா சொல்ல முடியல. அப்போ அந்த காரணத்த லெட்டர்ல போடக்கூடாது. "ப்ராஜெக்ட் இன்ன தேதியோடு நிறைவடைகிறது"ங்கிற வரைக்கும் சொல்லலாம், ஏன்னா அது யாராலயும் மறுக்க முடியாத விஷயம், பணியிடத்தோட எதிர்காலத்த பத்தி வாக்கு குடுக்கவேணாம்.

சட்டம் இதுல நாட்டுக்கு நாடு நிறைய மாறுது, அதனால ஒரு ஊர் டெம்ப்ளேட்ட இன்னொரு ஊர்ல போட்டுட முடியாது. இந்தியாவுல காண்ட்ராக்ட் முடிஞ்சு புதுப்பிக்காம விடுறது ஆட்குறைப்புல சேராதுன்னு பழைய தொழில் தகராறு சட்டத்துல 1984ல ஒரு விதிவிலக்கு சேர்த்தாங்க. பிரிட்டன்ல அப்படியே தலைகீழ், ஃபிக்ஸட் டெர்ம் முடிஞ்சு அதே காண்ட்ராக்ட்ட புதுப்பிக்கலன்னா 1996 வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டப்படி அதுவே டிஸ்மிஸல்தான், நியாயமான காரணம் இருக்கணும், முறைப்படி நடந்திருக்கணும். ஒரு இடத்துல "காரணம் எழுதாதே"ங்கிறது நல்ல அட்வைஸ், இன்னொரு இடத்துல அதே அட்வைஸ் உங்கள மாட்டிவிட்டுடும். ஆனா எங்க இருந்தாலும் மாறாத ஒண்ணு, லெட்டர்ல போட்ட காரணமும் ஃபைல்ல இருக்குற காரணமும் வாயால சொன்ன காரணமும் ஒண்ணா இருக்கணும்.

தேதி விஷயத்துக்கு வர்றேன். காண்ட்ராக்ட்ல 30 நாள்னு இருந்தாலும் நாங்க செப்டம்பர் 15க்கே குடுத்துட்டோம். 30 நாள்னு இருந்தா கரெக்டா 30வது நாள் குடுக்குறவங்க இருக்காங்க, லீவு நாள் குறுக்க வந்துடும், ஆள் வெளியூர்ல இருப்பாரு, மெயில் ஸ்பாம்ல போய் விழும், எண்ணுறதுல ஒரு நாள் முன்ன பின்ன ஆகும், எதுக்கு வம்பு. அதுக்காக நாலு மாசம் முன்னாடி குடுக்கவும் வேணாம், அதுக்குள்ள நிலைமை மாறி நீட்டிக்கலாம்னு வந்துட்டா லெட்டர வாபஸ் வாங்குறது இன்னும் குழப்பம். இன்னொரு முக்கியமான விஷயம், லெட்டர் குடுக்குறதுக்கு முன்னாடி கடைசி மூணு மாசத்துல அந்த ஆள் சம்பந்தமா என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவ பாத்துடுங்க. அவங்க யார் மேலயாவது புகார் குடுத்திருக்காங்களா, கர்ப்பமா இருக்கேன்னு சொல்லியிருக்காங்களா, பெரிய மெடிக்கல் லீவுல போயிட்டு வந்தாங்களா, சம்பள பாக்கி கேட்டாங்களா. இருந்தா, நீங்க எவ்வளவு சுத்தமா லெட்டர் எழுதினாலும் அதுதான் காரணம்னு தோணும், தோணுறதுலயும் நியாயம் இருக்கு. அந்த சமயத்துல முடிவு எப்போ எடுத்தோம், யார் எடுத்தா, அந்த சம்பவத்துக்கு முன்னாடியே எடுத்தோமாங்கிறதுக்கு பேப்பர் இருக்கணும். பேப்பர் இல்லன்னா வக்கீல்ட்ட போங்க, லெட்டர தூக்கிட்டு கேபினுக்கு போகாதீங்க. எங்க கேஸ்ல ப்ராஜெக்ட்ட மூடுற மீட்டிங் குறிப்பு ஜூலை தேதியில இருந்துச்சு, அதோட காப்பிய ஃபைல்ல சேர்த்துட்டேன்.

கடைசியா போன லெட்டர் இது. பேர், நம்பரெல்லாம் எடுத்துட்டேன்:

"பொருள்: ஒப்பந்தக் காலம் நிறைவடைதல் தொடர்பாக.

அன்புடையீர்,

தங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே கடந்த ஆண்டு நவம்பர் 1 அன்று ஏற்பட்ட பணி ஒப்பந்தத்தின் காலம், அதன் 3ஆம் ஷரத்தின்படி, இவ்வாண்டு அக்டோபர் 31 அன்று அலுவலக நேர முடிவில் நிறைவடைகிறது. அந்தத் தேதிக்குப் பின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவோ புதுப்பிக்கப்படவோ மாட்டாது என்பதை 11ஆம் ஷரத்தின்படி இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறோம்.

தாங்கள் பணியாற்றும் திட்டமும் அந்தத் தேதியுடன் நிறைவடைகிறது. இம்முடிவு தங்களது பணித்திறன் அல்லது நடத்தை குறித்த எந்த மதிப்பீட்டின் அடிப்படையிலும் எடுக்கப்பட்டதல்ல.

அக்டோபர் 31 வரை தங்களது சம்பளமும் பிற சலுகைகளும் வழக்கம்போல் தொடரும். எடுக்கப்படாத விடுப்புக்கான தொகை உட்பட இறுதிக் கணக்கு, ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட காலத்துக்குள் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். பணிச் சான்றிதழ் கடைசிப் பணி நாளன்று வழங்கப்படும்.

இரண்டு ஆண்டுகள் தாங்கள் ஆற்றிய பணிக்கு நன்றி."

இதுல கவனிச்சீங்கன்னா முதல் வாக்கியத்துல செய்யுறது நாம இல்ல, ஒப்பந்தத்தோட காலம் "நிறைவடைகிறது". நாம பண்ற வேலை ஒண்ணே ஒண்ணு, நீட்டிக்கலன்னு தெரிவிக்கிறது. வருத்தம்னு ஒரு சொல் கிடையாது. மேனேஜருக்கு அதுல மனசே இல்ல, "ஒரு 'வருந்துகிறோம்'னாவது போடுவோம் சார், மொட்டையா இருக்கு"ன்னாரு. வருத்தத்த நேர்ல சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க, பேப்பர்ல வேணாம்னு சொன்னேன். பேப்பர்ல வருத்தம்னு போட்டா கெட்ட செய்தி, ஏதோ நடந்திருக்குன்னு ஒரு நிழல் விழும். அதே மாதிரி நன்றிய ஒரு வரியோட நிறுத்திட்டோம். "தங்களது மிகச்சிறந்த பணி, ஈடு இணையற்ற பங்களிப்பு"ன்னு அடுக்கினா, இவ்வளவு நல்லா பண்ணவங்கள ஏன்யா அனுப்புறீங்கன்னு அடுத்த கேள்வி வரும், அதுக்கு லெட்டர்ல பதில் இருக்காது. பாராட்டணும்னா தனியா ஒரு சிபாரிசு கடிதம் குடுங்க, அது அவங்களுக்கு நிஜமா உபயோகப்படும். எதிர்காலத்துல கூப்பிடுவோம்ங்கிற மாதிரியும் ஒண்ணும் போடல, கூப்பிடுற எண்ணம் இருந்தா அப்போ கூப்பிட்டுக்கலாம், எழுதி வச்சா அது வாக்கு மாதிரி ஆயிடும்.

சம்பளம், லீவு பணம், சான்றிதழ் இதெல்லாம் லெட்டர்லயே இருக்கணும்னு நான் பிடிவாதமா இருப்பேன். லெட்டர வாங்குற ஆளோட மனசுல அடுத்த நிமிஷம் ஓடுறது அதுதான், பணம் எப்போ வரும், லீவு என்ன ஆகும். அதுக்கு பதில் அங்கயே இருந்தா, மத்தத தேடி வரிக்கு வரி அர்த்தம் பாக்குறது குறையும்.

லெட்டர குடுக்குறப்போ நானும் மேனேஜரும் சேர்ந்துதான் பேசினோம். அந்த பொண்ணு படிச்சுட்டு முதல்ல கேட்டது, "சார், எம்மேல யாராவது கம்ப்ளைண்ட் சொன்னாங்களா?" நூத்துக்கு தொண்ணூறு பேரு கேக்குற கேள்வி இது, லெட்டர்ல என்ன எழுதியிருந்தாலும் கேப்பாங்க. அதனால முந்தின நாளே மேனேஜர்ட்ட சொல்லி வச்சிருந்தேன், இதுக்கு லெட்டர்ல இருக்குறத விட ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாதுன்னு. அவரு "இல்லம்மா, அப்படி ஒண்ணும் இல்ல. காண்ட்ராக்ட் 31 வரைக்கும்தான், ப்ராஜெக்ட்டும் அதோட முடியுது, அதனால நீட்டிக்கல. உன் வேலைல எனக்கு ஒரு குறையும் இல்ல"ன்னாரு. நல்லா சொன்னாரு. பொதுவா இங்கதான் சொதப்புவாங்க, ஆறுதல் சொல்றேன்னு "நான் எவ்வளவோ போராடினேன்மா, மேல ஒத்துக்கல"ம்பாங்க. கேக்க இதமா இருக்கும், ஆனா அதுக்கு அர்த்தம் மேல யாருக்கோ உன்னை பிடிக்கலன்னு ஆயிடுது, லெட்டர்ல ஒரு காரணம், வாயில ஒரு காரணம். இல்லன்னா "நீ கொஞ்சம் இங்கிலீஷ் இம்ப்ரூவ் பண்ணிக்கிட்டா அடுத்த இடத்துல நல்லா வருவே"ன்னு அண்ணன் மாதிரி அட்வைஸ். அந்த ஒரு அட்வைஸ்ல லெட்டர்ல அவ்வளவு கஷ்டப்பட்டு போட்ட வரி செத்துப்போச்சு.

லெட்டர் குடுத்ததும் வேலை முடிஞ்சுதுன்னு நினைப்பாங்க. எனக்கு தெரிஞ்சு பாதி கேஸ்ல பேர் கெடுறது லெட்டர்ல இல்ல, அதுக்கப்புறம் ஆபீஸ்ல வேற வேற இடத்துல எழுதப்படுற வரிங்கள்ல. முக்கியமா ஹெச்ஆர் சாஃப்ட்வேர். ஒருத்தர வெளிய அனுப்புறப்போ அதுல "விலகிய காரணம்"னு ஒரு லிஸ்ட் வரும், ராஜினாமா, ஓய்வு, டெர்மினேஷன், ஓடிப்போனவர், இறப்புன்னு இருக்கும். பல இடத்துல ஒப்பந்தக் காலம் முடிந்ததுன்னு ஒரு ஆப்ஷனே இருக்காது, எண்ட்ரி போடுறவர் கம்பெனி பக்கம்தானே முடிச்சுதுன்னு டெர்மினேஷன க்ளிக் பண்ணிட்டு போயிடுவாரு. அந்த ஒரு க்ளிக்ல இருந்து எல்லாம் தானா வரும், ரிலீவிங் ஆர்டர்ல "டெர்மினேட்டட்"னு வரும், ஐடி டீமுக்கு உடனே லாகின மூடச்சொல்லி மெயில் போகும், செக்யூரிட்டி லிஸ்ட்ல பேர் வரும். எங்க கேஸ்ல சாஃப்ட்வேர்ல அந்த ஆப்ஷன் இல்லன்னு தெரிஞ்சு, அக்டோபர் முதல் வாரமே அட்மின்ட்ட சொல்லி "ஒப்பந்தக் காலம் நிறைவு"ன்னு ஒண்ண சேர்க்க வச்சேன், அஞ்சு நிமிஷ வேலை. அதுக்கு பக்கத்துலயே "மறுபடி வேலைக்கு எடுக்கலாமா"ன்னு ஒரு பெட்டி இருக்கும், டெர்மினேஷன் போட்டா அது சில சாஃப்ட்வேர்ல தானா "இல்லை"ன்னு மாறிடும், அதையும் பாத்து "ஆம்"னு வச்சேன்.

லாகின் விஷயத்துலயும் ஒரு வார்த்தை. தப்பு பண்ணி அனுப்புற ஆளுக்கு லெட்டர் குடுத்த நிமிஷமே மெயில மூடுறது வழக்கம். அதே பழக்கத்துல இங்கயும் லெட்டர் குடுத்த அன்னிக்கே ஷேர்ட் ஃபோல்டர் அனுமதிய குறைச்சுட்டா டீம்ல எல்லாரும் ஒரே நாள்ல முடிவுக்கு வந்துடுவாங்க, அப்புறம் என்ன லெட்டர் காட்டியும் பிரயோஜனம் இல்ல. அக்டோபர் 31 சாயந்திரம் வரைக்கும் அவங்க லாகின், ஐடி கார்டு எல்லாம் அப்படியே இருக்கட்டும்னு ஐடி டீமுக்கு எழுதியே குடுத்தோம். டீமுக்கு அனுப்புற மெயில மேனேஜர் எழுதினாரு, நான் பாத்தேன், அவங்கட்டயும் காட்டி சரியான்னு கேட்டுட்டுதான் அனுப்பினோம். "இன்னாரின் ஒப்பந்தக் காலம் 31ஆம் தேதி நிறைவடைகிறது, அவரது பணிகளை இன்னார் ஏற்பார்", அவ்வளவுதான். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறார்"னு போட்டா நல்லா இருக்குமேன்னு ஒருத்தர் சொன்னாரு, அது பொய், அதோட ராஜினாமா மாதிரி ஆகி சில இடங்கள்ல அவங்களுக்கு வரவேண்டிய சலுகையையே பாதிக்கலாம்.

31ஆம் தேதி நெருங்குறப்போ இன்னொரு சிக்கல் வந்துச்சு. ஹேண்ட்ஓவர் முடியல, மேனேஜர் அவங்கட்ட "நவம்பர்ல ஒரு நாலு நாள் வந்து முடிச்சு குடுத்துட்டு போறியாம்மா"ன்னு கேட்டிருக்காரு, அவங்களும் நல்ல மனசுல சரின்னிருக்காங்க. நான் இத தற்செயலா கேன்டீன்ல கேள்விப்பட்டேன். முடிவு தேதி தாண்டி ஒரு ஆள் வழக்கம்போல வந்து வேலை செஞ்சு, நாமளும் வாங்கிக்கிட்டா, காண்ட்ராக்ட் தொடருதுன்னு எடுத்துக்க இடம் குடுத்துடுவோம், சில நாடுகள்ல அது காலவரையில்லாத வேலையாவே மாறிடலாம். அப்புறம் அஞ்சாவது நாள் "வரவேணாம்"னு சொன்னா அதுதான் நிஜமான வேலை நீக்கம், அதுக்கு இந்த லெட்டர் உதவாது. ரெண்டுல ஒண்ணு பண்ணுங்கன்னேன்: 31க்குள்ள முடிங்க, இல்லன்னா இன்ன தேதி வரைக்கும்னு சம்பளத்தோட ஒரு நீட்டிப்பு, ரெண்டு பேர் கையெழுத்தோட, 31க்கு முன்னாடியே. அவரு கடைசி வாரம் வேற ரெண்டு பேர கூட உக்கார வச்சு 31க்குள்ள முடிச்சுட்டாரு.

பணிச் சான்றிதழ்ல சேர்ந்த தேதி, கடைசி தேதி, பதவி, அப்புறம் "ஒப்பந்தக் காலம் நிறைவடைந்ததால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்"னு போட்டோம். லெட்டர்ல என்ன காரணமோ அதேதான் இங்கயும். ஜனவரில ஒரு வெரிஃபிகேஷன் கம்பெனில இருந்து ஃபோன், அவங்க புது வேலைக்கு விசாரிக்கிறாங்க. கேட்ட கேள்வி மூணு: எப்போ வரைக்கும் இருந்தாங்க, ஏன் போனாங்க, மறுபடி எடுப்பீங்களா. அன்னிக்கு நான் லீவு, ஃபோன எடுத்தது சேர்ந்து ஒரு மாசம் கூட ஆகாத ஒரு தம்பி, அவனுக்கு இந்த கதை எதுவும் தெரியாது. சாஃப்ட்வேர திறந்து அதுல இருந்தத அப்படியே படிச்சிருக்கான்.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன், லெட்டர் காப்பில கையெழுத்து வாங்குற இடம். பல டெம்ப்ளேட்ல "மேற்கண்டவற்றை ஏற்றுக்கொள்கிறேன்"னு இருக்கும். அதுக்கு கையெழுத்து போட சில பேரு தயங்குவாங்க, தயங்குறது சரியும்தான், எத ஏத்துக்கச் சொல்றீங்கன்னு தோணும்ல. "இக்கடிதத்தின் பிரதியைப் பெற்றுக்கொண்டேன்"னு தேதியோட இருந்தா போதும், நமக்கு வேணும்ங்கிறது அவங்க சம்மதம் இல்ல, இன்ன தேதில லெட்டர் அவங்க கைக்கு போச்சுங்கிறது மட்டும்தான். அதுக்கும் மாட்டேன்னா கட்டாயப்படுத்த வேணாம், மெயில்லயும் பதிவுத் தபால்லயும் அனுப்பிட்டு, இத்தனை மணிக்கு குடுத்தோம், கையெழுத்து போடல, கூட இன்னார் இருந்தாருன்னு ஒரு குறிப்பு எழுதி ஃபைல்ல வச்சுடுங்க.